தாய் ஏன் கேட்டாள்?

மொன்றியலில் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியாகிறது என்றால் நிகழ்ச்சி நிரல் எப்படி இருக்கும் என்று இங்கே யாரையும் எழுப்பிக் கேட்கலாம். மங்கல விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, நயவுரை, முதற்பிரதி வழங்கல், ஏற்புரை. நயவுரைக்கு மூன்று பேர், சில வேளை நான்கு பேர். முதலாமவர் நூல் சிறந்தது என்பார். இரண்டாமவர் முதலாமவர் சொன்னதை வழிமொழிவார். மூன்றாமவர் தமக்கு முன் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள் என்று தொடங்கி, அதையே இன்னொரு இருபது நிமிடம் சொல்வார். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்நிய நாட்டில், குளிருக்குள், வேலை முடிந்த களைப்போடு ஒருவர் தமிழில் எழுதியிருக்கிறார். அவர் மனம் நோகக் கூடாது என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு அந்த நூலைப் பற்றிப் புதிதாக ஒரு விஷயமாவது தெரிந்துகொண்டோமா என்று யோசித்தால், கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. எழுதியவருக்கும் மிஞ்சியிருக்காது.

இன்னொருவர் எழுதியதற்கு எதிர்வினை செய்வது எப்படி என்பது நம் இலக்கணக்காரர்கள் தனியாக உட்கார்ந்து யோசித்த விஷயம். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி ‘எழுவகை மதம்’ என்று ஒரு பட்டியல் தருகிறார். இங்கே மதம் என்றால் சமயம் அல்ல, கொள்கை. ஒருவர் நூல் எழுதும்போது பிறர் கருத்துக்கு முன்னால் எப்படியெல்லாம் நிற்கலாம் என்பதே அந்தப் பட்டியல். பிறர் சொன்னதற்கு உடன்படலாம், மறுக்கலாம். பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, கொஞ்ச தூரம் அதனோடேயே நடந்து, பிறகு அதைக் களையலாம். தானாக ஒன்றை நாட்டி, அதைக் கடைசிவரை நிலைநிறுத்தலாம். இருவர் மாறுபட்டு நின்றால் ஒரு பக்கத்தைத் துணியலாம். பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டலாம். எவரோடும் சேராமல் தன் கொள்கையையே கொள்ளலாம். பட்டியலில் உடன்படல்தான் முதலில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பவணந்திக்கு உடன்பாட்டோடு சண்டை இல்லை. ஆனால் அதே பாயிரம் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் எண்ணுகிறது. கூறியதையே கூறுவது அவற்றில் ஒன்று. சொற்கள் நிற்கின்றன, பயன் இல்லை என்பது கடைசிக் குற்றம். ஆக, உடன்படலாம், ஆனால் சொன்னதையே திருப்பிச் சொன்னால் அது உடன்பாடு ஆகாது, குற்றம்.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் இன்னொரு நயவுரை ஆகிவிடும். ஒரே ஓர் அதிகாரத்தை எடுத்துப் பார்க்கலாம். திருக்குறளின் ஏழாம் அதிகாரம். பிள்ளைகளைப் பற்றியது. இந்த அதிகாரத்துக்குப் பரிமேலழகர் எழுதிய உரையில் மிக நல்ல சேர்ப்பு ஒன்றும், நம்மில் பலரைக் கோபப்படுத்தும் சேர்ப்பு இரண்டும் உள்ளன. எல்லாம் ஒரே மனிதர், ஒரே பத்துக் குறள்களுக்குள் செய்தவை.

பரிமேலழகர் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பொதுவான கணிப்பு. குறளுக்கு உரை எழுதிய பதின்மர் என்று மரபு சொல்கிறவர்களில் அவரே கடைசி. அவர் எழுத உட்காரும்போது மணக்குடவர் போன்றவர்களின் உரைகள் முன்னமே இருந்தன. ஆகவே அவருடைய உரை முழுவதும் ஒரு வகையில் மறுமொழிதான். முன்னையவர்களை அவர் பெரும்பாலும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இவ்வாறு உரைப்பாரும் உளர் என்று ஒரு வரியில் காட்டிவிட்டு, அது ஏன் பொருந்தாது என்று அடுத்த வரியில் சொல்லிவிடுவார்.

முதலில் நல்ல சேர்ப்பு. 64ஆம் குறள், பிள்ளை தன் சின்னக் கையால் அளைந்த கூழ் பெற்றோருக்கு அமுதத்தைவிட இனிக்கும் என்கிறது. இதற்கு உரை எழுதுவதில் சிக்கல் எதுவும் இல்லை. சொற்கள் எளியவை, கருத்து எல்லோரும் அறிந்தது. ஆம், உண்மை, குழந்தை தொட்டால் இனிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். பரிமேலழகர் அங்கே ஒரு கணம் நிற்கிறார். கையால் அளைவது என்றால் என்ன செய்வது? அதற்கு விடையாகப் புறநானூற்றிலிருந்து பாண்டியன் அறிவுடைநம்பியின் 188ஆம் பாட்டைக் கொண்டுவந்து வைக்கிறார். அந்தப் பாட்டில் ஒரு குழந்தை குறுநடை நடந்து வருகிறது, கையை நீட்டுகிறது, சோற்றைக் கீழே போடுகிறது, தொடுகிறது, வாயில் கவ்வுகிறது, கையால் துழாவுகிறது, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிறது. குறளில் ஒற்றைச் சொல்லாக இருந்தது இப்போது ஐந்தாறு செயல்களாக விரிகிறது. வள்ளுவரை அவர் மறுக்கவில்லை, முழுக்க உடன்படுகிறார். ஆனால் அந்த உரையைப் படித்த பிறகு குறள் முன்பு இருந்தது போல இல்லை. கூழ் தட்டில் மட்டும் இல்லை, பிள்ளையின் மார்பிலும் இருக்கிறது.

உடன்பாடு எப்போது வெறும் உடன்பாடாக இல்லாமல் போகிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. அவர் சேர்த்தது ஒரு சாட்சி. புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை.

இனி மற்றவை. அதே அதிகாரத்தின் முதற் குறள், 61, அறிய வேண்டியதை அறியும் மக்களைப் பெறுவதைவிடப் பெரிய பேறு தாம் அறிந்தவரை இல்லை என்கிறது. மணக்குடவர் இதைச் சுருக்கமாக, அறிவுடைய மக்களைப் பெறுவது என்ற அளவில் விளக்கிப் போகிறார். பரிமேலழகர் இங்கே ஒரு குறிப்பைச் சேர்க்கிறார். அறிவறிந்த என்ற அடை முன்னால் வந்திருப்பதால், மக்கள் என்ற பெயர் இந்த இடத்தில் பெண்ணை ஒழித்து நிற்கிறது என்பது அந்தக் குறிப்பு. அதிகாரத்தின் பெயரும் இதற்கேற்றபடி இருக்கிறது. மணக்குடவரிடம் அது ‘மக்கட்பேறு’. பரிமேலழகரிடம் ‘புதல்வரைப் பெறுதல்’. மகள்மார் தலைப்பிலேயே வெளியே போய்விட்டார்கள்.

69ஆம் குறளில் இரண்டாவது சேர்ப்பு. தன் மகனைச் சான்றோன் என்று சொல்லக் கேட்ட தாய், அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிதும் மகிழ்வாள் என்பது குறள். இதில் ‘கேட்ட’ என்ற சொல் ஏன் வந்தது என்று பரிமேலழகர் யோசிக்கிறார். தாய் தானே அறிந்திருக்கக் கூடாதா, ஏன் பிறர் சொல்லக் கேட்க வேண்டும்? அவருடைய விடை: பெண்ணின் இயல்பு அப்படி, அவளால் தானாக அறிய முடியாது, அதனால்தான் கேட்ட தாய் என்றார். மணக்குடவரிடம் இந்தக் காரணம் இல்லை.

எங்கள் வீடுகளில் திருக்குறள் என்றால் அது பெரும்பாலும் பரிமேலழகர்தான். ஆறுமுக நாவலர் பதிப்பித்த உரையாக அது யாழ்ப்பாணத்துக் கல்விக்குள் ஆழமாக இறங்கியது. புத்தகம் வராத வீடுகளிலும் அவருடைய பொருள் வந்தது. பள்ளிக்கூடத்து உரைகள் பல அவரைச் சுருக்கி எழுதியவைதான். இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பிள்ளை குறளுக்குப் பொருள் ஒப்பிக்கும்போது, அவளுக்குத் தெரியாமலே பரிமேலழகரின் நிழல் அதில் விழுகிறது. ஆகவே அவருக்கு என்ன மறுமொழி சொல்வது என்பது பழம்புத்தகப் பிரச்சினை மட்டும் அல்ல.

வழக்கமான மறுமொழி நமக்குத் தெரியும். ஆணாதிக்கம், வைதிகம், பிற்போக்கு. தமிழ்நாட்டில் கடந்த நூற்றாண்டில் இந்தக் குரல் பலமாக எழுந்தது, அதற்கு நியாயமும் இருந்தது. ஆனால் இந்தச் சொற்களை மட்டும் சொல்லி நிறுத்தினால், அது நயவுரையின் மறுபக்கம். ‘அருமை’ என்ற ஒற்றைச் சொல்லை மாற்றி ‘கொடுமை’ என்று வைத்திருக்கிறோம். இரண்டிலும் குறள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பரிமேலழகர் நமக்கு ஒரு வசதி செய்து தந்திருக்கிறார்: காரணத்தைச் சொல்லியிருக்கிறார். பெண் வெளியே என்று மட்டும் அவர் சொல்லவில்லை; இன்ன சொல்லால் வெளியே என்கிறார். காரணம் சொல்லப்பட்டால் அதைச் சோதிக்கலாம். சோதிப்போம்.

மக்கள் என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். ஒன்றை ஒழித்து நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், ஒழிக்காவிட்டால் அது உள்ளே இருந்திருக்கும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பெண் என்ற பொருள் மக்கள் என்ற சொல்லில் இயல்பாகவே இருக்கிறது என்பதற்கு முதற் சாட்சி பரிமேலழகரின் அந்தக் குறிப்புத்தான். தொல்காப்பியமும் மக்களையே உயர்திணை என்று வைத்து, அதற்குள் ஆண்பால், பெண்பால், பலர்பால் மூன்றையும் அடக்குகிறது. இனி அதிகாரத்துக்குள் எண்ணிப் பார்க்கலாம். 61 முதல் 66 வரை ஆறு குறள்களிலும், பிறகு 68இலும் மக்கள் என்ற சொல் வருகிறது. 67, 69, 70 மூன்றிலும் மகன். ஏழுக்கு மூன்று. மகன் என்ற சொல் வள்ளுவர் கைக்கு எட்டாமல் இல்லை. வேண்டிய இடத்தில் அதை வைத்திருக்கிறார். ஏழு இடங்களில் வைக்கவில்லை.

இதை வைத்து வழக்கு முடிந்தது என்று சொல்ல நான் அவசரப்பட மாட்டேன். பரிமேலழகர் பக்கம் நிற்பவர் ஒருவர், அந்த மூன்றும்தான் ஏழுக்கும் பொருளைக் காட்டுகின்றன, கடைசியில் மகன் என்று தெளிவாகச் சொன்னதால் முன்னால் சொன்ன மக்களும் மகன்மாரே என்று வாதிடலாம். வலுவில்லாத வாதம் அல்ல. ஆனால் அதற்கும் இலக்கணத்திலேயே எதிர்வழி உண்டு. ஒரு சொல் சொல்லாமல் விட்ட தன் இனத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நன்னூல் ஒரு விதி தருகிறது. அதன்படி மகன் என்ற சொல்லை மகளுக்கும் விரிக்கலாம். ஆக, சொல்லைச் சுருக்கவும் வழி இருந்தது, விரிக்கவும் வழி இருந்தது. பரிமேலழகர் சுருக்கும் வழியைத் தெரிந்தெடுத்தார். இலக்கணம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று அவருடைய கையிலேயே இருக்கிறது. 64இல் அவர் அழைத்து வந்த அந்தப் புறநானூற்றுக் குழந்தையைத் திரும்பப் பார்க்க வேண்டும். நெய்ச்சோற்றை அப்பிக்கொள்ளும் அந்தப் பிள்ளையைப் பாண்டியன் என்ன சொல்லால் சுட்டுகிறான்? மக்கள் என்றுதான். அது பையன் என்று பாட்டில் எங்கும் இல்லை. நடை, கை, சோறு, வாய்; இவற்றில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. 61இல் பெண்ணை ஒழித்த உரைகாரர் மூன்று குறள் தாண்டியதும் தன் சாட்சியாகக் கூப்பிட்ட பாட்டு, மக்கள் என்ற சொல்லை அவர் ஒழித்ததைப் பொருட்படுத்தாமல் பயன்படுத்துகிறது. பிறர் கொள்கையை ஏற்று அதனோடு நடந்து பிறகு களைவது என்று நன்னூல் சொன்னது இதைத்தான். அவருடைய மேற்கோளையே எடுத்து, அவரிடமே திருப்பிக் காட்டுகிறோம்.

‘கேட்ட தாய்’க்கு வருகிறேன். இங்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் மாதம் ஒருமுறை கூடும் ஒரு சிறிய வாசகர் வட்டத்தில் இந்த அதிகாரத்தை வாசித்தபோது, பெரியவர்கள் வழக்கப்படி இரண்டாகப் பிரிந்தோம். ஒரு பக்கம் பரிமேலழகர் அவர் காலத்து மனிதர், விட்டுவிடுங்கோ என்றது. மறுபக்கம் அந்த உரையைக் கொளுத்த வேண்டும் என்றது. அரை மணித்தியாலம் இப்படியே போனது. தாயோடு வந்திருந்த பதினேழு வயதுப் பிள்ளை, தமிழை மெதுவாக எழுத்துக்கூட்டி வாசிப்பவள், அதுவரை ஒன்றும் பேசவில்லை. அவள் அடுத்த குறளைக் காட்டி ஒரு கேள்வி கேட்டாள். “அங்கிள், இதிலே அப்பாவுக்கும் மற்ற ஆக்கள்தானே சொல்லினம்?”

70ஆம் குறள், மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறு எது என்று சொல்கிறது. இவனைப் பெற இவன் தந்தை என்ன தவம் செய்தானோ என்று பிறர் வியந்து சொல்லும் சொல்லே அந்தக் கைம்மாறு. அதாவது தந்தைக்கும் வந்து சேர்வது பிறர் வாய்ச்சொல்தான். அவர் தானாக அறிந்த அறிவு அங்கே கைம்மாறாக எண்ணப்படவில்லை. பரிமேலழகர் அந்தக் குறளுக்கும் உரை எழுதியிருக்கிறார். ஆணின் இயல்பால் தந்தை தானாக அறிய மாட்டான், ஆகவே பிறர் சொல்ல வேண்டியதாயிற்று என்று அங்கே அவர் எழுதவில்லை. அடுத்தடுத்த இரண்டு குறள்கள், ஒன்றில் தாய், ஒன்றில் தந்தை, இரண்டிலும் ஊர்ச்சொல். ஒன்றுக்கு மட்டும் இயற்கைக் குறைபாடு காரணமாகிறது.

இந்த மறுமொழி எங்கள் அரை மணித்தியாலத்தை வீணாக்கிவிட்டது என்று சொல்லலாம். அவள் யாரையும் திட்டவில்லை, யாருக்கும் விலக்குக் கொடுக்கவில்லை. உரையின் காரணத்தை எடுத்து, அது பொருந்த வேண்டிய அடுத்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். அது பொருந்தவில்லை. அதற்கு மேல் இதிலிருந்து வேறொரு பொருளும் பிறக்கிறது. சான்றோன் என்பது ஒருவர் தன் பிள்ளைக்குத் தானே கொடுத்துக்கொள்ளக்கூடிய பட்டம் அல்ல. ஊர் கொடுக்க வேண்டியது. தாய்க்கு மகனைப் பற்றித் தெரியாததால் அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது இப்போது மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது என்பதால் மகிழ்கிறாள். ‘கேட்ட’ என்ற சொல் ஏன் வந்தது என்ற பரிமேலழகரின் கேள்வி நல்ல கேள்விதான். அவர் கேட்டிராவிட்டால் இந்த விடை நமக்குக் கிடைத்திருக்காது. மணக்குடவரின் சுருக்கமான உரையை வாசித்து அந்தப் பிள்ளை இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். அங்கே இடறுவதற்குக் கல் இல்லை.

பரிமேலழகர் தரப்பில் இன்னும் ஒரு வார்த்தை பாக்கி உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். 70இல் பேசப்படுவது மகனுடைய கடமை, தந்தை அந்தச் சொல்லைக் கேட்டாரா இல்லையா என்று குறள் சொல்லவில்லை. 69இல் கேட்பதே செய்தி. ஆகவே இரண்டும் சரிசமமான நிறைகள் அல்ல என்று அவர் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தாலும் ‘கேட்ட’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவை என்பது மட்டுமே நிற்கும். அந்த விளக்கம் பெண்ணின் இயல்பில்தான் கிடைக்கும் என்பது நிற்காது.

இப்படிப் பேச முடிவதற்கு ஒரு முன்தேவை இருக்கிறது: எதிராளி சொன்னது முழுதாகக் கண்முன் இருக்க வேண்டும். நீண்ட காலம் வாசகர் கையில் பரிமேலழகர் மட்டுமே இருந்தார். அவர் மறுத்த முன்னையவர்கள், இவ்வாறு உரைப்பாரும் உளர் என்ற ஒரு வரிக்குள் முகமில்லாமல் கிடந்தார்கள். வ. உ. சிதம்பரம்பிள்ளை 1917இல் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையை அச்சிட்டுக் கொண்டுவந்தார். கப்பல் ஓட்டியதையும் சிறையையும் சொல்லுகிற நாம் இந்த வேலையை அதிகம் சொல்வதில்லை. பரிமேலழகரை எதிர்த்து நூறு பக்கம் எழுதியிருந்தால் கிடைத்திராத பலன் இதில் கிடைத்தது: இரண்டு உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்தக் குறிப்பு யாருடையது என்று பார்க்க முடிந்தது. பெண்ணை ஒழித்தது வள்ளுவரா உரைகாரரா என்ற கேள்வியை உறுதியோடு கேட்கத் துணிவு வந்ததில் அந்தப் பதிப்புக்கும் பங்கு உண்டு. பிற்பாடு திருப்பனந்தாள் காசிமடம் வெளியிட்ட உரைக்கொத்து போன்ற தொகுப்புகள் இதையே விரிவாகச் செய்தன. ஒரு குறள், அதன் கீழே வரிசையாக உரைகள். யார் யாரோடு உடன்பட்டார், எந்த இடத்தில் பிரிந்தார் என்பது ஒரு பார்வையில் தெரியும்.

எதிராளியின் சொல்லை மறைத்துவிட்டு மறுமொழி மட்டும் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மரபில் உதாரணம் உண்டு. நன்னூலுக்குச் சங்கரநமச்சிவாயர் எழுதிய உரையைப் பிறகு சிவஞான முனிவர் திருத்தினார். மிக நுட்பமான திருத்தங்கள் அவை. ஆனால் பழைய உரைக்குள்ளேயே புதியது கலந்து ஒரே நூலாகி நிற்பதால், எந்த வாக்கியம் முதலாமவருடையது, எது பின்னவர் சேர்த்தது என்று சாதாரண வாசகர் பிரித்தறிய முடிவதில்லை. அதே முனிவர் இலக்கண விளக்கத்தின் மேல் எழுதிய ‘இலக்கண விளக்கச் சூறாவளி’, பெயருக்கேற்றபடி, கண்டனத்தை வெளிப்படையாகவே செய்கிறது. அதன் சூடு எனக்குப் பிடிப்பதில்லை. என்றாலும் வாசகராக எனக்கு அதில் வேலை சுலபம்: எது யார் சொன்னது என்று தெரியும், நூலைத் திறந்து ஒப்பிடலாம், முனிவர் எங்கே நியாயமாகப் பேசுகிறார், எங்கே மிகைப்படுத்துகிறார் என்று நானே தீர்மானிக்கலாம்.

அந்தப் பிள்ளை அடுத்த மாதமும் வந்தாள். இம்முறை 67ஆம் குறளில் நின்றுகொண்டிருந்தாள். மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வது தந்தை செய்யும் நன்றி என்கிறது அது. ‘அவை’ என்றால் இங்கே எது, படித்தவர்கள் கூடும் இடமா, ஊர்க்கூட்டமா, அல்லது எங்கள் வெளியீட்டு விழா போன்ற ஒன்றா என்று கேட்டாள். பரிமேலழகர் அதைக் கற்றவர் அவை என்று கொள்கிறார் என்று சொன்னேன். அது சரி, முந்தியிருப்பது என்றால் முன்வரிசையில் இருப்பதா என்றாள். அதற்கு எங்களில் ஒருவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.